கனவில் வரும் ஆட்களை எண்ணி நனவைத் தொடுவது: ஒருவரின் கனவுத் தொகுப்பில் வேலை செய்ய முழுமையான வழிகாட்டி

ஒரே ஆளின் நூறு கனவுகளை எடுத்துக்கொண்டு, அதில் யார் வந்தார்கள், எங்கே நடந்தது, என்ன உணர்வு இருந்தது என்று எண்ணினால், அந்த ஆளின் விழித்திருக்கும் வாழ்க்கையைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்ல முடியும். யாரை நினைத்துக் கவலைப்படுகிறார், யாரோடு உரசல், யாரிடம் ஒட்டுதல் என்பது வரைக்கும் சொல்லலாம். நேற்று என்ன செய்தார் என்பதைப் பெரும்பாலும் சொல்ல முடியாது. இந்த எல்லையை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முறை கால்வின் ஹால், ராபர்ட் வான் டி காசில் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1966-இல் வெளியிட்டது. இன்றும் ஆய்வாளர்கள் அதிகம் கையாள்வது அதைத்தான். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து மாணவர்களோடு தமிழ்க் கனவுகளில் அந்த முறையை உட்கார்ந்து செய்து பார்த்ததில், அவர்கள் எந்தெந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். தடுமாற்றத்தில் பாதிக்கு மேல் வரிசை மாறுவதால் வருவதுதான்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, போதுமான கனவுகள். இந்த முறையை வளர்த்தெடுத்த வில்லியம் டோம்ஹாஃப் சொல்லும் கணக்கு: ஒரு தனி ஆளைப் பற்றிப் பேச 75 முதல் 100 கனவுகள் வேண்டும். ஒரு குழுவைப் பற்றிப் பேச, ஆளுக்கு ஒரு கனவு வீதம் 100 முதல் 125 வேண்டும். இருபது கனவுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரே ஒரு கல்யாண வீட்டுக் கனவு எல்லா விழுக்காடுகளையும் புரட்டிப் போட்டுவிடும்.

இரண்டாவது, கனவில் வந்த ஆள், இடம், உணர்வு ஒவ்வொன்றையும் வகை பிரித்துக் குறிக்க, அதாவது குறியீடு போட, இரண்டு பேர். இருவருமே கனவு கண்டவரை அறியாதவர்களாக இருக்க வேண்டும். டெல்டாவில் இது நினைப்பதைவிடக் கடினம். பக்கத்து ஊர் என்றாலே யாராவது சொந்தம் வந்துவிடும். அதனால் பாபநாசத்தில் சேகரித்ததை மயிலாடுதுறைக்காரரிடமும், அங்கே சேகரித்ததைப் பாபநாசத்துக்காரரிடமும் கொடுப்பது நல்லது.

மூன்றாவது, ஒரு விரிதாள். ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரு வரி. ஒரு கனவுக்கு ஒரு வரி என்று வைப்பவர்கள் பிறகு ஆட்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறார்கள்.

நான்காவது, ஒப்புதல். கனவுக் குறிப்பில் குடும்பச் சண்டை, சாதிப் பெயர், யாரும் அறியாத பிரியம் எல்லாமே இருக்கும். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. ஊரின் பெயரும் தெருவின் பெயரும் உறவுமுறையும் சேர்ந்தால் ஆளை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர், ஊர், தெரு மூன்றையும் எண்ணாக மாற்றி, அந்தப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

## 2. கனவைச் சேகரிப்பது

கேட்கும் விதத்திலேயே பாதி முடிவு தீர்மானமாகிவிடுகிறது. "மறக்க முடியாத கனவு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். நம் பக்கத்தில் கனவுக்குப் பலன் பார்க்கும் வழக்கம் ஆழமானது. பல் விழுவது, பாம்பு துரத்துவது, செத்தவர் வந்து கூப்பிடுவது எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பலன் இருக்கும். அப்படிக் கேட்டால் பலன் உள்ள கனவுகள்தான் வரும், சாதாரணக் கனவுகள் வராது. குழுவிடம் சேகரிப்பதானால் "கடைசியாக ஞாபகம் இருக்கும் கனவு, நேற்றானாலும் போன மாதமானாலும் சரி" என்று கேட்டு, கண்ட தேதியையும் குறிக்கச் சொல்லுங்கள். தனி ஆளானால், விழித்ததும் வந்ததையெல்லாம் தேர்வு பண்ணாமல் எழுதச் சொல்லுங்கள்.

பேச்சுத் தமிழிலேயே எழுதட்டும், அல்லது பேசிப் பதிவு செய்யட்டும். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி எழுதினால் ஆட்கள் குறைந்து வருணனை கூடிவிடும்.

ஹாலும் வான் டி காசிலும் தங்கள் ஒப்பீட்டுத் தொகுப்புக்கு 50 முதல் 300 ஆங்கிலச் சொற்கள் வரை உள்ள குறிப்புகளை மட்டும் எடுத்தார்கள். மிகச் சிறியதில் எண்ண ஒன்றும் இருக்காது, மிக நீண்டது மற்றவற்றை அமுக்கிவிடும். தமிழில் விகுதிகள் ஒட்டி வருவதால் அதே கனவு குறைந்த சொற்களில் அடங்கும். கீழ் எல்லையைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை வைத்த எல்லையை நடுவில் மாற்றக் கூடாது.

பருவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிய நாட்களில் சேகரித்ததையும், தை மாத அறுவடையில் சேகரித்ததையும் ஒரே கூடையில் போட்டு இரண்டு ஊர்களை ஒப்பிடக் கூடாது. ஒப்பிட வேண்டுமானால் இரண்டு ஊரிலும் ஒரே பருவத்தில் சேகரியுங்கள்.

## 3. எழுதி முடித்த உடனே கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இந்தப் படி ஆங்கிலக் கையேடுகளில் இருக்காது. தமிழுக்கு அவசியம்.

"அவங்க வந்தாங்க" என்று ஒரு வரி இருந்தால், வந்தது ஒருவரா பலரா, ஆணா பெண்ணா என்று குறிப்பிலிருந்து தெரியாது. மரியாதைப் பன்மை இரண்டையும் மறைத்துவிடும். முறையின் முதல் இரண்டு நெடுவரிசைகளே எண்ணிக்கையும் பாலும்தான். குறியீடு போடுபவர் ஊகித்தால் எல்லா ஊகமும் ஒரே பக்கமாகச் சாயும். அதிகாரி என்றால் ஆண், சமையல்கட்டு என்றால் பெண் என்று தன்னை அறியாமலே போட்டுக்கொண்டு போவார்கள். பிறகு "கனவில் ஆண்கள் அதிகம்" என்று ஒரு முடிவு வரும். அது கனவு கண்டவரைப் பற்றிய முடிவாக இருக்காது.

அதனால் கனவைச் சேகரிப்பவர், எழுதி முடித்த கையோடு இதைக் கேட்டு ஓரத்தில் குறிக்க வேண்டும்: இந்த "அவங்க" யார், எத்தனை பேர்?

இரண்டாவது கேள்வி உறவுமுறை. பஸ்ஸில் வந்த கண்டக்டரையும் "அண்ணே" என்போம், டீக்கடைக்காரரையும் "மாமா" என்போம். கனவில் வந்த மாமா ரத்த உறவா, ஊர் முறையா, கூப்பிடும் முறை மட்டுமா? இதைக் கேட்காமல் விட்டால் குடும்பத்தார் விழுக்காடு ஊதிப் போய்விடும்.

மூன்றாவது, வந்தவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா? முறையில் இறந்தவருக்குத் தனிக் குறியீடு உண்டு. கற்பனைப் பாத்திரத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. அய்யனார் குதிரையில் வந்தால் எதில் போடுவது என்று பலர் திணறுகிறார்கள். கனவு கண்டவருக்கு அய்யனார் கற்பனை இல்லை. நான் தெய்வத்துக்கென்று தனி நெடுவரிசை வைத்து, ஆட்களின் மொத்தக் கணக்கிலிருந்து வெளியே வைக்கச் சொல்வேன். அப்போது வேறு நாட்டு எண்களோடு ஒப்பிட்டாலும் கணக்கு குழம்பாது.

இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் இந்தக் கட்டத்தில் கேட்காதீர்கள். "ஏன் அந்தக் கனவு வந்ததென்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டால், பதிலைப் படித்த யாருக்கும் அந்தக் கனவில் இனிக் குறியீடு போடத் தகுதி இல்லை.

## 4. குறியீடு போடுவது: ஒரு கனவை எடுத்துப் பார்ப்போம்

பழகுவதற்கென்று நான் எழுதிய கனவு இது. யாருடைய உண்மைக் கனவும் இல்லை.

"எங்க ஊரு வாய்க்கால் கரையில நிக்கிறேன். தண்ணி கரைய தொட்டுக்கிட்டு போவுது. செத்துப்போன எங்க தாத்தா மடையத் தொறக்கச் சொல்லி சத்தம் போடறாரு. பக்கத்து வயக்காரங்க மூணு பேரு ஓடியாறாங்க. அதுல ஒருத்தரு மம்பட்டிய எடுத்து எனக்காக மடைய வெட்டி விடறாரு. அப்பறம் பாத்தா நான் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். அம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. பஸ்ஸு போயிடுச்சு. ரொம்ப பயமா இருந்துச்சு."

முதலில் ஆட்கள். கனவு கண்டவரை எண்ணுவதில்லை. தாத்தா ஒன்று: இறந்த தனியாள், ஆண், உறவினர். முறைப்படி பெற்றோர், உடன்பிறந்தார், கணவன் மனைவி, பிள்ளைகள் மட்டுமே நெருங்கிய குடும்பம். தாத்தா பாட்டி உறவினர் பட்டியலில் வருவார்கள். நம் வீட்டு வழக்கத்துக்கு இது உறுத்தலாகத் தோன்றும், ஆனால் இரண்டையும் கூட்டித்தான் குடும்பத்தார் விழுக்காடு கணக்கிடுகிறோம் என்பதால் முடிவில் பாதகம் இல்லை.

மூன்று வயல்காரர்கள் சேர்ந்து ஒரு குழு, அதாவது ஒரே பதிவு. மூன்று என்று போடக் கூடாது. அந்தக் குழுவிலிருந்து ஒருவர் பிரிந்து தனியாக ஒன்று செய்கிறார், அதனால் அவருக்கு இன்னொரு பதிவு: தனியாள், ஆண், தெரிந்தவர். அம்மா இன்னொன்று. ஆக மொத்தம் நான்கு. புதியவர்கள் பெரும்பாலும் இங்கே ஆறு அல்லது ஐந்து என்று சொல்வார்கள். குழுவை ஒன்றாக எண்ணக் காரணம் உண்டு. "கோயில் தேரைச் சுத்தி ஆயிரம் பேரு" என்று ஒரு கனவு வந்தால், மற்ற நூறு கனவுகளும் அந்த ஆயிரத்தில் மூழ்கிவிடும்.

அடுத்து ஆட்களுக்கிடையே நடந்தது. இரண்டு வகை முக்கியம்: பகையாக நடந்தது, நட்பாக நடந்தது. யார் தொடங்கினார், யார் பெற்றார் என்பதையும் குறிக்க வேண்டும். வயல்காரர் மடை வெட்டி விட்டது உதவி, நட்பு ஒன்று. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அன்பான தொடுகை, நட்பு இன்னொன்று.

தாத்தா சத்தம் போட்டதுதான் சிக்கல். நம் பக்கத்தில் "சத்தம் போட்டார்" என்றால் திட்டினார் என்றும் ஆகும், உரக்கக் கூப்பிட்டார் என்றும் ஆகும். இந்தக் குறிப்பில் மடையைத் திறக்கச் சொல்லி என்று இருக்கிறது, கோபம் இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. அதனால் பகை என்று போடக் கூடாது. இப்படி இரண்டு பக்கமும் போகும் சொற்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதி, முதல் கனவிலிருந்து கடைசிக் கனவு வரை அதே விதியைப் பின்பற்றுங்கள். நடுவில் விதி மாறினால் முதலிலிருந்து திரும்பப் போட வேண்டியதுதான்.

இடங்கள் இரண்டு. வாய்க்கால் கரை: வெளியிடம், பழகிய இடம். பஸ் ஸ்டாண்டு: கூரை உண்டு, சுவர் இல்லை. இதற்கு "தெளிவில்லை" என்ற வகை இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். திண்ணை, முற்றம், கொல்லை, கோயில் பிராகாரம் எல்லாமே இந்தக் கேள்வியை எழுப்பும். திண்ணையும் முற்றமும் வீட்டுக்குள், கொல்லை வெளியே என்பது நான் வைத்துக்கொண்ட விதி. நீங்கள் வேறு வைக்கலாம், எழுதி வைத்தால் சரி.

உணர்வு ஒன்று: பயம். முறையில் ஐந்தே பெட்டிகள்: கோபம், பயம், மகிழ்ச்சி, சோகம், குழப்பம். கனவு கண்டவர் சொன்ன உணர்வை மட்டுமே போட வேண்டும். தாத்தா செத்தவர், அதனால் சோகம் இருந்திருக்கும் என்று நீங்கள் சேர்க்கக் கூடாது. பஸ் போனதால் ஏமாற்றம் என்றும் சேர்க்கக் கூடாது. "மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்ற வரிக்கு எந்தப் பெட்டியும் கிடையாது, அதைத் தனியே குறித்துவிட்டு எண்ணாமல் விடுங்கள்.

தண்ணீர் என்றால் தாய், மடை என்றால் அடக்கிய ஆசை என்று விளக்கம் தேடுபவர்களை இந்த மேசையில் உட்கார வைக்காதீர்கள். சொன்னதை மட்டும் எண்ணுவதால்தான் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டாலும் ஒரே எண் வருகிறது.

## 5. இருவரின் குறியீட்டையும் ஒப்பிடுவது

இருவரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், முதல் இருபது கனவுகளைப் போட்டு முடிக்கட்டும். பிறகு இருவரும் ஒத்துப்போன பதிவுகளை, ஒத்தவை ஒவ்வாதவை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். ஆட்கள், இடம் இரண்டிலும் ஒப்பு உயர்வாக வரும். பகை, நட்பு, உணர்வு மூன்றிலும் குறையும். 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மேலே போக வேண்டாம் என்பது என் அளவுகோல். எந்தச் சொல்லில் பிரிந்தார்கள் என்று பார்த்து விதியைத் தெளிவாக்கி, வேறு இருபது கனவுகளில் மறுபடி சோதியுங்கள்.

இருவரும் உட்கார்ந்து பேசி ஒரே முடிவுக்கு வந்தபின் ஒப்பை அளப்பது பயனில்லாதது. அது எப்போதும் நூறு என்றே காட்டும்.

## 6. எண்ணிக்கையை விகிதமாக்குவது

மொத்த எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடக் கூடாது. வாயாடியின் கனவுக் குறிப்பில் எல்லாமே அதிகமாக இருக்கும், ஏனென்றால் அவர் அதிகம் எழுதுகிறார். அதனால் ஒவ்வொன்றையும் அதற்குரிய மொத்தத்தால் வகுக்கிறோம். ஆண் பாத்திரங்களை ஆண் பெண் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கலாம். குடும்பத்தாரையும் உறவினரையும் கூட்டி மொத்த மனிதப் பாத்திரங்களால் வகுக்கலாம். பகையை, பகை நட்பு இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கலாம். அப்போது குறிப்பின் நீளம் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

இப்போது ஒப்பிட ஓர் அடித்தளம் வேண்டும். ஹாலும் வான் டி காசிலும் 100 ஆண் மாணவர்கள், 100 பெண் மாணவிகளிடமிருந்து ஆளுக்கு 5 கனவு வீதம் 1000 கனவுகளை எண்ணி வைத்திருக்கிறார்கள். அதில் ஆண்களின் கனவில் ஆண் பாத்திரங்கள் 67 விழுக்காடு, பெண்களின் கனவில் 48. வீட்டுக்குள் நடப்பவை ஆண்களுக்கு 48, பெண்களுக்கு 61. சொல்லப்பட்ட உணர்வுகளில் கசப்பானவை இருபாலாருக்கும் 80 விழுக்காட்டை ஒட்டி இருந்தன.

இந்த எண்களைத் தஞ்சை மாவட்ட விவசாயியின் கனவுக்கு நேரடியாகப் பொருத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அவை 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கல்லூரிகளின் மாணவர்கள் கண்ட கனவுகள். வெளியிடம் அதிகம் வருகிறது என்று ஒரு விவசாயியைப் பற்றிச் சொன்னால், அவர் நாள் முழுக்க வயலில் நிற்கிறார் என்று மட்டுமே சொல்கிறீர்கள். அதே ஊரில், அதே பருவத்தில், அதே வயதினர் 100 பேரிடம் ஆளுக்கு ஒரு கனவு வாங்கி உங்கள் சொந்த அடித்தளத்தை உருவாக்குங்கள். அமெரிக்க எண்களை இரண்டாவது நெடுவரிசையில் வைத்தால் போதும்.

வேறுபாட்டின் அளவைப் பார்க்க கோஹனின் h என்ற அளவு பயன்படுகிறது. விழுக்காடுகளை நேராகக் கழித்தால், 5-க்கும் 15-க்கும் உள்ள தூரமும் 45-க்கும் 55-க்கும் உள்ள தூரமும் ஒன்றாகத் தெரியும். h அதைச் சரிசெய்கிறது. ஒரு பெண்ணின் தொகுப்பில் மொத்தம் 200 மனிதப் பாத்திரங்கள், அதில் 84 பேர் குடும்பத்தாரும் உறவினரும், ஊர் அடித்தளத்தில் அதே அளவு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம் (கணக்குப் பழக நானே வைத்த எண்கள்). விரிதாளில் இப்படி எழுதலாம்:

```
=2*ASIN(SQRT(0.42))-2*ASIN(SQRT(0.30))
```

விடை 0.25-ஐ ஒட்டி வரும். டோம்ஹாஃபின் அளவுகோலில் 0.20 வரை சிறியது, அதற்கு மேல் 0.40 வரை நடுத்தரம், அதையும் தாண்டினால் பெரியது. ஆக இந்தப் பெண்ணின் கனவில் சொந்தபந்தம் ஊர்க்காரர்களைவிட நடுத்தர அளவுக்கு அதிகம்.

## 7. ஆள் ஆளாகப் பிரிப்பது

உண்மையான பயன் கிடைப்பது இங்கேதான். ஆண் பெண் விழுக்காடெல்லாம் குழுவைப் பற்றிச் சொல்லும். தனி ஆளின் வாழ்க்கையோடு தொடர்பு தெரிவது, அவர் கனவில் திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து பேரைப் பிரித்து, ஒவ்வொருவரோடும் பகை நட்பு விகிதத்தைப் பார்க்கும்போதுதான்.

பார்ப் சாண்டர்ஸ் என்ற புனைபெயர் கொண்ட ஒரு பெண்ணின் 3000-க்கும் மேற்பட்ட கனவுகளை டோம்ஹாஃபும் ஆடம் ஷ்னைடரும் நடத்தும் DreamBank.net தளத்தில் படிக்கலாம். அவர் வாழ்க்கையின் முக்கியமான ஆட்களோடு கனவில் வந்த பகை நட்பு விகிதத்தைத் தனித்தனியாக எடுத்துவிட்டு, பிறகு அவரையும் அவருடைய தோழிகளையும் பேட்டி கண்டு ஒப்பிட்டார்கள். யாரோடு நனவில் எப்படி இருந்தாரோ, பெரும்பாலும் அப்படியே கனவிலும் இருந்தது. கனவுக்கும் நனவுக்கும் தொடர்ச்சி உண்டு என்ற கருத்துக்கு முக்கியமான சான்றுகளில் இது ஒன்று.

h கணக்கில் நாம் எடுத்துக்காட்டாக வைத்த பெண்ணுக்கே வருவோம். அந்தப் பெண்ணின் கனவுகளில் அம்மாவோடு பகை 5, நட்பு 15. தம்பியோடு பகை 14, நட்பு 6. அம்மாவுக்கு 25 விழுக்காடு, தம்பிக்கு 70. உடனே தம்பியோடு ஏதோ மனத்தாங்கல் என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஒரு நாணயத்தை 20 தடவை சுண்டினால், 14 தடவையோ அதற்கு மேலோ பூ விழுவது நூற்றில் சுமார் 6 முறை தானாகவே நடக்கும். இதே 70 விழுக்காடு 50-இல் 35 என்று வந்திருந்தால், தற்செயலாக வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். ஆகவே ஒருவரோடு நடந்தவை 20, 30 என்று இருக்கும்போது அதை ஊகம் என்று மட்டும் குறியுங்கள்.

இன்னொரு சோதனையும் தேவை. அந்த 14 பகையும் எத்தனை கனவுகளில் பரவியிருக்கிறது என்று பாருங்கள். பாகப்பிரிவினைச் சண்டை என்று ஒரே கனவில் ஒன்பது வரலாம். அப்படியானால் அது ஒரு கனவின் கதை. பத்துப் பன்னிரண்டு கனவுகளில் ஒன்றும் இரண்டுமாக வந்திருந்தால் அது அந்த உறவின் கதை.

கடைசியாக, தொகுப்பைத் தேதி வரிசையில் முதல் பாதி, பின் பாதி என்று வெட்டி இரண்டிலும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். ஒருவரின் கனவு உள்ளடக்கம் பெரும்பாலும் நீண்ட காலம் நிலையாக இருக்கிறது என்பதை நீண்ட நாட்குறிப்புகள் காட்டியிருக்கின்றன. தம்பியின் விகிதம் முதல் பாதியில் 50, பின் பாதியில் 90 என்று வந்தால், அந்த இடைவெளியில் ஏதாவது நடந்ததா என்று பின்னால் கேட்க வேண்டிய கேள்வியாகக் குறித்துவையுங்கள்.

## 8. ஆளிடம் கேட்கும் முன் ஊகத்தை எழுதி மூடுவது

இந்தப் படியைத் தாண்டிப் போனால் மேலே செய்த அத்தனையும் பாழ். எண்கள் வந்ததும், கனவு கண்டவரிடம் ஒரு வார்த்தை பேசும் முன், ஊகங்களைத் தெளிவான வாக்கியங்களாக எழுதுங்கள். "தம்பியோடு அடிக்கடி வாக்குவாதம் வருகிறது", "மனக்கஷ்டம் என்றால் முதலில் அம்மாவிடம்தான் சொல்வார்" என்று, ஆம் இல்லை என்று பதில் சொல்லும்படி எழுத வேண்டும். தேதி போட்டு உறையில் ஒட்டி, வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

"குடும்பத்தில் சில மனவருத்தங்கள் உண்டு" என்று எழுதாதீர்கள். அது யாருக்கும் பொருந்தும். வீட்டு வாசலில் குறி சொல்ல வருபவர் சொன்னாலும் பொருந்தும். எண்ணிப் பார்த்ததால் மட்டுமே சொல்ல முடிகிற ஒன்றாக இருக்க வேண்டும், தப்பாகவும் போக வாய்ப்பு இருக்க வேண்டும்.

அப்புறம் அதே அளவுக்கு, எண்களுக்கு நேர் எதிரான வாக்கியங்களையும் எழுதிக் கலந்துவிடுங்கள். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக் கூடாது என்று ஆமாம் போடும் பழக்கம் உண்டு. எதிரான வாக்கியங்களுக்கும் அதே அளவு ஆமாம் வந்தால், உங்கள் ஊகம் பலித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. கேள்வி கேட்பவருக்கும் எது ஊகம், எது எதிர் வாக்கியம் என்று தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. முடிந்தால், அவர் அனுமதியோடு, அவரை நன்கு அறிந்த ஒருவரிடமும் அதே பட்டியலைக் கொடுத்துப் பதில் வாங்குங்கள்.

## 9. பொருந்தாத இடங்களைப் படிப்பது

சில ஊகங்கள் நிச்சயம் பொய்க்கும். அவற்றை மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நனவில் நிறைய இருந்தும் கனவில் வராதவை. ஏர்னஸ்ட் ஹார்ட்மன் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நாளின் பெரும்பகுதியைப் படிப்பது, எழுதுவது, தட்டச்சு செய்வது, கணக்குப் போடுவதில் கழிப்பவர்களின் கனவுகளில்கூட இவை அரிதாகவே வந்தன. அதனால் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதும் ஒருவரின் கனவில் பேரேடு வரவில்லை என்றால், வேலையில் அவருக்கு ஈடுபாடு இல்லை என்று பொருளில்லை. எத்தனை மணி நேரம் செய்கிறோம் என்பதைவிட, எவ்வளவு மனம் தோய்ந்திருக்கிறது என்பதும் என்ன வகை வேலை என்பதும் கனவில் வருவதைத் தீர்மானிக்கின்றன. ஆட்களோடு பழகுவது வரும், காகிதத்தோடு பழகுவது வராது.

இரண்டாவது, கனவில் இருந்தும் இன்றைய வாழ்வில் இல்லாதவை. ஊரை விட்டுப் போய்ப் பல வருஷமானவரின் கனவில் பழைய வீடு வரலாம், செத்துப்போன தாத்தா வரலாம். இங்கே "நேற்று அந்த இடத்துக்குப் போனீர்களா?" என்று கேட்டால் பொருந்தாது. "அந்த வீட்டைப் பற்றி நினைப்பதுண்டா, அதில் தீராத விஷயம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் பொருந்தலாம். தொடர்ச்சி செயலில் இருப்பதைவிட அக்கறையில் இருக்கிறது. உங்கள் வாக்கியங்களையும் அக்கறையைப் பற்றியதாகவே எழுதுங்கள்.

இடங்களை எண்ணுபவர்களுக்கு இது நேரடியாக உதவும். கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அந்தப் பகுதியில் கனவு சேகரித்தால், தோப்பு எத்தனை முறை வருகிறது என்பதோடு நிற்காமல், வரும் தோப்பு நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா, அங்கே என்ன உணர்வு சொல்லப்படுகிறது என்று இடத்தையும் உணர்வையும் சேர்த்துக் குறியுங்கள். இடம் மட்டும் தனியாக வந்தால், அவர் அங்கே குடியிருக்கிறார் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது, உணர்வின் கணக்கு. குறிப்பிலிருந்து எண்ணினால் கசப்பான உணர்வு மிகுந்து தெரியும். கனவு கண்டவரையே ஒவ்வொரு கனவுக்கும் மதிப்பெண் போடச் சொன்னால், நல்ல உணர்வு கூடுதலாக வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயத்தை எழுதுபவர்கள், சாதாரணமாக நன்றாக இருந்ததை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் பயம் 60 விழுக்காடு என்று வந்ததை வைத்து, இந்த மனிதர் பகலிலும் பயந்து கிடக்கிறார் என்று எழுதக் கூடாது. இரண்டு கணக்குக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள், ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள். ஒருவரின் எண்ணை, அதே வழியில் எண்ணிய மற்றவர்களின் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

## 10. முடிவை எழுதுவது

உறையில் இருந்த எல்லா வாக்கியங்களையும் எழுதுங்கள், பலித்ததையும் பொய்த்ததையும் பக்கத்துப் பக்கத்தில். எத்தனை கனவு, எத்தனை பாத்திரம், எத்தனை பகை நட்பு என்ற அடி எண்கள் இல்லாமல் விழுக்காட்டை மட்டும் கொடுக்காதீர்கள். படிப்பவர் அது 20-இல் 14-ஆ, 50-இல் 35-ஆ என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் விதிப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்: திண்ணை எந்தப் பக்கம், சத்தம் போட்டது எந்தப் பெட்டி, தெய்வம் எங்கே என்பதெல்லாம்.

தம்பியோடு ஏன் உரசல் என்பதை எண்கள் சொல்லாது, கனவு அந்த உரசலை வளர்க்கிறதா தணிக்கிறதா என்பதையும் சொல்லாது. அந்தக் காரணத்தை அந்தப் பெண்ணே பேட்டியில் சொன்னால், அவர் சொன்னதாக எழுதுங்கள். முடிவை அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். தம்பி அடுத்த தெருவில்தான் இருப்பார், எந்த வரி வெளியே போகலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.